மோக்கா பாட் இணைப்பில் கசிகிறதா?

கேள்வி: மேல் பாத்திரமும் அடிப் பாத்திரமும் சேரும் இடத்தில் தண்ணீர் கொப்பளித்து வழிகிறது. காபியும் பாதிதான் மேலே ஏறுகிறது. கேஸ்கட்டை மாற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதும். ஆனால் புதிது வாங்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். புனலின் விளிம்பையும் கேஸ்கட்டையும் ஈரத்துணியால் துடையுங்கள். அங்கே ஒட்டிய நாலு காபித் துகளே கசிவுக்குப் போதும். பிறகு காபித்தூள் போடாமல், வால்வுக்குக் கீழே நிற்கும் அளவு தண்ணீர் மட்டும் ஊற்றி, இறுக மூடி, சிறு தீயில் வையுங்கள். வெறும் தண்ணீருக்கே கசிந்தால் கேஸ்கட் போய்விட்டது, அல்லது புனலின் விளிம்பு நெளிந்திருக்கிறது. தூள் போட்டால் மட்டும் கசிகிறது என்றால், ஃபில்டர் தட்டையும் தூளையும் பாருங்கள்.

கேள்வி: பழைய கேஸ்கட் கல் மாதிரி இறுகிவிட்டது. எப்படி எடுப்பது?

நன்றாக ஆறிய பிறகு, மேல் பாத்திரத்தைக் கவிழ்த்து, ஸ்பூனின் காம்பை ஓரத்தில் விட்டு நெம்புங்கள். கத்தி வேண்டாம், கேஸ்கட் உட்காரும் பள்ளத்தில் கீறல் விழுந்தால் புதியதும் அந்த வழியாகக் கசியும். கேஸ்கட் வந்ததும் ஃபில்டர் தட்டு தானாகக் கழன்று விழும். எந்தப் பக்கம் வெளியே இருந்தது என்று பார்த்து வையுங்கள். பள்ளத்தில் படிந்த பழைய காபிக் கறையைத் துடைத்து, முதலில் தட்டு, அதன்மேல் கேஸ்கட். சுற்றிலும் விரலால் அழுத்தி, சமமாக உட்கார்ந்ததா என்று பாருங்கள்.

கேள்வி: எந்த அளவு வாங்குவது?

'மூன்று கப்' என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே கப் கணக்கானாலும் அலுமினியப் பாத்திரத்துக்கும் ஸ்டீல் பாத்திரத்துக்கும் கேஸ்கட் வேறுபடலாம். பழையதன் வெளி விட்டம், உள் விட்டம் இரண்டையும் அளந்து செல்லுங்கள்.

கேள்வி: புது கேஸ்கட் போட்டேன். தண்ணீர் மட்டும் வைத்தால் கசியவில்லை, காபி போட்டால் கசிகிறது. வால்விலிருந்தும் ஆவி சீறுகிறது.

உங்கள் கேஸ்கட்டில் குறையில்லை. மேலே போகும் வழி அடைபட்டிருக்கிறது. தண்ணீர் தூளையும் தட்டையும் கடக்க முடியாதபோது அழுத்தம் ஏறி, முதலில் இணைப்பில் பிதுங்கும், அப்புறம் வால்வு திறக்கும். அடுப்பை உடனே அணைத்து, முழுதும் ஆறும்வரை திறக்காதீர்கள்.

பிறகு தட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எல்லாத் துளையிலும் வெளிச்சம் தெரிய வேண்டும். அடைத்தவற்றை ஊசியால் குத்தி, பழைய பல் துலக்கியால் தேயுங்கள். தட்டு வளைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். தூள் மாவு போல இருந்தால் கொஞ்சம் கொரகொரப்பாக அரையுங்கள். புனலில் தூளை அழுத்தாமல், மேலே தட்டிச் சமன் செய்தால் சரி.

கேள்வி: கைப்பிடியைப் பிடித்து முழு பலத்தோடு இறுக்கியும் கசிகிறதே?

கைப்பிடியை நெம்புகோலாக்காதீர்கள், முறிந்துவிடும். மேல் பாத்திரத்தின் உடலைப் பிடித்து இறுக்குங்கள். மரை தேய்ந்து, இறுக்கும்போதே நழுவுகிறது என்றால் எந்த கேஸ்கட்டும் உதவாது. அதை அடுப்பில் வைப்பதை நிறுத்திவிடுங்கள்.