கட்டி முடித்த பிறகும் வந்த 29 ரிங்கிட்

கேள்வி: தம்பி கல்யாணத்துக்கு முதல் நாள் சமையல்காரர் ரொக்கமாகத்தான் வேண்டும் என்று நின்றுவிட்டார். மார்ச் 5 இரவு பட்டர்வொர்த்தில் ஏ.டி.எம்மில் கிரெடிட் கார்டைப் போட்டு 3,000 ரிங்கிட் எடுத்தேன். மார்ச் 25 ஸ்டேட்மெண்டில் 3,179.59 என்று வந்தது. கடைசித் தேதியான ஏப்ரல் 14 அன்று ஒரு சென் குறையாமல் கட்டிவிட்டேன். இப்போது அடுத்த ஸ்டேட்மெண்டில் மறுபடியும் 29.59 வட்டி! முழுக்கக் கட்டியவளிடம் எப்படி வட்டி கேட்கலாம்? வழக்குப் போட முடியுமா?

பதில்: சகோதரி, நீங்கள் சொன்ன தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேங்க் தப்புச் செய்யவில்லை.

கார்டில் பொருள் வாங்கினால், ஸ்டேட்மெண்ட் தேதியிலிருந்து குறைந்தது 20 நாள் வட்டியில்லாத அவகாசம் கிடைக்கும். அதற்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டியே இல்லை. நமக்குப் பழகிப்போனது அதுதான். ரொக்கமாக எடுத்த பணத்துக்கு அந்த அவகாசம் கிடையாது. இயந்திரத்திலிருந்து நோட்டு வெளியே வந்த நாளிலேயே வட்டி ஓட ஆரம்பித்து, நீங்கள் திருப்பிக் கட்டும் நாள் வரை ஓடும்.

உங்கள் ஸ்டேட்மெண்டைப் பிரித்துப் பார்ப்போம். எடுத்தது 3,000. ரொக்கம் எடுத்ததற்கான கட்டணம் 5 விழுக்காடு, அதாவது 150. வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ரிங்கிட் 48 சென். மார்ச் 5 முதல் 25 வரை 20 நாளுக்கு 29.59. கூட்டினால் 3,179.59, சரியாக வருகிறது. ஆனால் அந்தத் தாள் மார்ச் 25 வரைக்குமான கணக்குதான். நீங்கள் பணம் கட்டியது ஏப்ரல் 14. நடுவில் போன 20 நாளும் 3,000 ரிங்கிட் உங்களிடம்தானே இருந்தது? அதற்கான வட்டிதான் இந்த இரண்டாவது 29.59. 'முழுத் தொகை' என்று ஸ்டேட்மெண்டில் போட்டிருப்பது ஏமாற்றும் வார்த்தை என்று நீங்கள் திட்டினால், அதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் சட்டப்படி அது குற்றமில்லை. மொத்தத்தில் 40 நாளுக்கு 209 ரிங்கிட் போயிருக்கிறது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் 60 விழுக்காட்டையும் தாண்டும். அதில் பெரும் பங்கு வட்டி இல்லை, அந்த 150 கட்டணம்தான்.

வழக்கு என்று வந்தால் வழக்கமாக இரண்டு வாதம் சொல்வார்கள். 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறதே சட்டம் என்பது ஒன்று. அது 1951ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டம். உரிமம் பெற்ற பேங்குகளை அது கட்டுப்படுத்தாது. கட்டணம் ஒரு தண்டனைபோல் இருக்கிறது, ஒப்பந்தச் சட்டம் 75ஆவது பிரிவின்படி குறைக்கலாம் என்பது மற்றொன்று. அந்தப் பிரிவு ஒப்பந்தத்தை மீறியவர் தர வேண்டிய தொகையைப் பற்றியது. நீங்கள் எதையும் மீறவில்லையே. ஒரு சேவையை எடுத்தீர்கள், அதற்கு அவர்கள் விலை வைத்திருக்கிறார்கள்.

பிறகு எப்போதுதான் கேட்கலாம்? கட்டிய தேதிக்குப் பிறகான நாளுக்கும் வட்டி போட்டிருந்தால், ஒப்புக்கொண்ட விகிதத்தைவிடக் கூடுதலாக எடுத்திருந்தால், அல்லது நீங்கள் எடுக்காத பணத்தைக் கணக்கில் ஏற்றியிருந்தால் தாராளமாகக் கேட்கலாம். கார்டு கொடுத்தபோது 'ரொக்கம் எடுத்தாலும் 20 நாள் வட்டியில்லை' என்று அதிகாரி வாட்ஸாப்பில் எழுதியிருந்தால் அதுவும் பலமான ஆதாரம். முதலில் பேங்குக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இறுதிப் பதிலில் திருப்தியில்லை என்றால் ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம். பேங்குக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறைத் தீர்க்க 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் அமைப்பு, நுகர்வோருக்குக் கட்டணமில்லை. ஆனால் 'விகிதம் அதிகம்' என்ற வருத்தத்தை மட்டும் கொண்டுபோனால் அங்கே வேலை நடக்காது.

இந்த 29.59-ஐக் கடைசித் தேதிக்குள் கட்டிவிடுங்கள். கோபத்தில் விட்டுவைத்தால் தாமதக் கட்டணமாகக் குறைந்தது 10 ரிங்கிட் ஏறும். தள்ளுபடி கேட்டு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் இஷ்டம்.

இனி இப்படி எடுக்க நேர்ந்தால் ஸ்டேட்மெண்டுக்குக் காத்திருக்காதீர்கள். திருப்பிக் கட்டப் பணம் கைக்கு வந்த அன்றே பேங்கைக் கூப்பிட்டு, 'இன்றைக்கு முடிக்க எவ்வளவு?' என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். கல்யாண மொய் வந்த மறுவாரமே, மார்ச் 12 அன்று கட்டியிருந்தால், 150 போனது போனதுதான். வட்டி மட்டும் 59 ரிங்கிட்டுக்குப் பதில் பத்தே ரிங்கிட்டோடு நின்றிருக்கும்.