கார்டில் போனது ஒன்று, கிளெய்மில் வந்தது ஒன்று: எந்த ரேட்?

கேள்வி: வெளிநாட்டில் ஆஸ்பத்திரி பில்லை கார்டில் கட்டினேன். பயணக் காப்பீட்டில் கிளெய்ம் பாஸ் ஆகிவிட்டது, ஆனால் கார்டில் போனதைவிடக் குறைவாக வந்திருக்கிறது. எந்த நாளின் மாற்று விகிதத்தைப் பிடிக்கிறார்கள்? ஏமாற்றிவிட்டார்களா?

பதில்:

கார்டு ஸ்டேட்மெண்டை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். காப்பீட்டு நிறுவனம் வழக்கமாக உங்கள் கார்டு பிடித்த தொகையைத் திருப்பித் தருவதில்லை. பில்லில் உள்ள வெளிநாட்டுப் பணத்தை எடுத்து, பாலிசியில் சொன்ன ரேட்டில் தானே மாற்றித் தருகிறது. அந்த ரேட் எந்த நாளுடையது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. சிகிச்சை நாள், பில் தேதி, கிளெய்ம் பணம் கொடுக்கும் நாள் என்று மூன்று விதமும் உண்டு. பாலிசி வாசகத்தில் 'கிளெய்ம் செலுத்துதல்' அல்லது 'நாணயம்' என்ற தலைப்பின் கீழ் ஒரே வரியில் இருக்கும். நாள், ரேட்டின் மூலம் (மத்திய வங்கி அறிவித்த ரேட்டா, வேறு எதுவுமா) இரண்டையும் அங்கே பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். எண்கள் எல்லாம் எளிமைக்காக. பில் 1,200 யூரோ. பாலிசி டாலரில், அதில் நீங்களே ஏற்க வேண்டிய கழிவுத் தொகை, அதாவது டிடக்டிபிள், 100 டாலர். சிகிச்சை நாளில் ஒரு யூரோ 1.10 டாலர், ஒரு டாலர் உங்கள் பணத்தில் 80. அப்படியானால் ஒரு யூரோ 88.

கார்டுக்காரர் 88-இல் மாற்றி, 3 சதவீதம் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் போட்டால் உங்கள் கணக்கிலிருந்து போவது 1,08,768. காப்பீட்டில் 1,200 யூரோ 1,320 டாலர் ஆகும். 100 கழித்தால் 1,220. அதை 80-ஆல் பெருக்கினால் 97,600. இடைவெளி 11,168. பார்த்தவுடன் வயிறு எரியும். ஆனால் அதில் 8,000 கழிவுத் தொகை, மீதி 3,168 கார்டுக் கட்டணம். ரேட்டில் ஒரு பைசாகூடப் போகவில்லை. கார்டுக் கட்டணத்தை மருத்துவச் செலவாக எந்த நிறுவனமும் எளிதில் ஏற்காது.

இதே கிளெய்மை இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுக்கும் நாளின் ரேட்டில், யூரோ 1.10 டாலராகவே இருந்து, டாலர் 78-க்கு முடித்தால் 95,160 வரும். இந்த 2,440 தான் உண்மையில் ரேட்டால் வந்த வித்தியாசம். பாலிசியில் 'சிகிச்சை நாள்' என்று இருந்து இப்படிக் கொடுத்திருந்தால் கேட்க வேண்டியது இதைத்தான். 'செலுத்தும் நாள்' என்று இருந்தால் கேட்டுப் பயனில்லை. டாலர் ஏறியிருந்தால் லாபம் உங்களுக்கே வந்திருக்கும்.

கண்டுபிடிப்பது எப்படி? செட்டில்மெண்ட் கடிதத்தில் ஏற்காத செலவுகள் என்று எதையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவற்றை பில்லிலிருந்து நீக்கி, மீதியைப் பாலிசி நாணயத்துக்கு மாற்றி, கழிவுத் தொகையையும் எடுங்கள். வந்த பணத்தை அந்த மீதியால் வகுத்தால் அவர்கள் போட்ட ரேட் தெரியும். மேலே 95,160-ஐ 1,220-ஆல் வகுத்தால் 78. பலர் முதல் படியைத் தாண்டிவிடுகிறார்கள். வெட்டப்பட்ட ஒரு மருந்துச் செலவு அப்போது ரேட் மோசடி போலத் தெரியும். ரேட் ஒத்துவரவில்லை என்றால், எந்தத் தேதி, எந்த மூலம் என்று எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் கேட்டால் 'சிஸ்டம் எடுத்தது' என்பார்கள்.

இன்னொரு ஓட்டை, கார்டு மெஷினில். 'உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டலாமா?' என்று கேட்டு, சரி என்றால் அங்கேயே மாற்றிவிடுவார்கள். அந்த ரேட் பெரும்பாலும் கார்டு நிறுவனத்தின் ரேட்டைவிட மோசம். காப்பீட்டுக்காரரோ பில்லில் உள்ள யூரோவைத்தான் பார்ப்பார், அந்த நஷ்டம் முழுக்க உங்கள் தலையில். அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள். அட்மிஷன் சமயம் 3,000 யூரோ முன்பணம் பிடித்து, பிறகு 1,800 திருப்பினாலும் இதே கதைதான். பிடித்த நாளும் திருப்பிய நாளும் வேறு, ரேட்டும் வேறு. கிளெய்ம் ஆவது 1,200 மட்டுமே.

நான் காப்பீட்டு நிறுவனங்களுக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் சொல்வார்கள். இல்லை. எல்லா பில்லையும் ஸ்கேன் செய்து அனுப்பிய பிறகும் ஒரிஜினலை கூரியரில் அனுப்பு என்று கேட்பது என்ன நியாயம் என்று எனக்கும் புரிந்ததில்லை. அதுவும் வெப்பத்தாளில் அச்சான ரசீது போய்ச் சேர்வதற்குள் வெளுத்துவிடும். கையில் வாங்கியவுடனே படம் எடுத்துவையுங்கள்.