பார்சல் பாக்ஸ் ரெண்டர்: கேட்டதுக்கெல்லாம் பதில்

கொத்து பரோட்டா பாக்ஸ் படத்த பிளெண்டர்ல எப்படி பண்ணேன்னு ஆளாளுக்கு கேட்டதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதுறேன். பாக்ஸ் 18 x 12 x 5 செமீ, உள்ள விரிச்ச பேப்பர் 30 செமீ சதுரம். கீழ வர்ற நம்பர் எல்லாம் இந்த அளவுக்குத்தான்.

கார்த்தி: அண்ணா என்னோட பேப்பர் கைக்குட்டை மாதிரி தொங்குது. Cloth-ல என்ன மாத்தணும்?

துணி இழுபடும் தம்பி, பேப்பர் இழுபடாது, வித்தியாசமே அங்கதான். கசக்குன பட்டர் பேப்பர் ஒன்ன கையில எடுத்துப் பாரு, மடிப்பெல்லாம் நேர் கோடா கூரா ஓடும், ரெண்டு கோட்டுக்கு நடுவுல தட்டையா இருக்கும், நாலஞ்சு கோடு சேர்ற இடத்துல சின்னதா ஒரு முனை நிக்கும். உருண்டையான வளைவு ஒன்னு கூட இருக்காது. அதனால Tension-ஐ 15-லருந்தும் Shear-ஐ 5-லருந்தும் 80 பக்கம் ஏத்து, கூடவே Quality Steps-ஐயும் 12 பக்கம் ஏத்து, இல்லன்னா பேப்பர் நடுங்கும். அடுத்தது மெஷ். சதுரம் சதுரமா வெட்டி வச்சா மடிப்பும் அந்தக் கோட்டுலயேதான் விழும், அதனால ஒழுங்கில்லாத முக்கோணமா உடச்சுக்க. Subdivision போடாத, போட்டா திரும்பவும் கைக்குட்டைதான்.

இன்னொன்னு, பேப்பர் ஒரு தடவ மடிஞ்சா அந்த மடிப்ப மறக்காது, ஆனா Cloth மறந்துடும், கைய எடுத்ததும் நிமிந்துக்கும். அதனால நான் ரெண்டு தடவ ஓட்டுவேன். முதல்ல நாலு பக்கமும் சுவர் வச்சு நெருக்கி லேசா கசக்குறது, பாதி கசங்குன ஃபிரேம்ல நிறுத்தி மாடிஃபையர Apply பண்ணிடுறது. இப்ப அந்தக் கசங்குன உருவம்தான் அதோட இயல்பான உருவம். அதுக்கு மேல புதுசா Cloth போட்டு பாக்ஸுக்குள்ள இறக்குனா பழைய மடிப்பு அப்படியே நிக்கும். Bending Model மட்டும் Angular-ல இருக்கணும்.

நிஷா: பேப்பர் பாக்ஸ்ல உக்காரவே மாட்டேங்குது சார், மேல மிதக்குது. Scale எல்லாம் Apply பண்ணிட்டேன்.

Apply பண்ணீங்களே, அதுவே பெரிய விஷயம். நீங்க நிஜ அளவுல பாக்ஸ் பண்ணிருக்கீங்கன்னு நினைக்கிறேன் மேடம். Cloth-ல Collision Distance எடுத்தவுடனே 0.015-ல இருக்கும், அதாவது ஒன்றரை செமீ. பாக்ஸோட Collision-ல Thickness Outer 0.02, அது ரெண்டு செமீ. உங்க பாக்ஸ் உயரமே 5 செமீ, அப்புறம் எங்க உக்காரும்? நான் எல்லாத்தையும் பத்து மடங்கு பெருசா பண்ணி, 18 செமீய 1.8 மீட்டரா வச்சு, அந்த ரெண்டு நம்பரையும் 0.005 கிட்ட இறக்கிக்குவேன். ஸ்டில் படத்துக்கு இது தாராளம்.

டிசைனர்_சேலம்: லோகோ மடிப்புக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டுன மாதிரி இருக்கு ப்ரோ

மடிச்சதுக்கு அப்புறம் லோகோ வச்சிருப்பீங்க. பிரஸ்ல அட்டை தட்டையா இருக்கும்போதே அச்சடிச்சு, அப்புறம்தான் வெட்டி மடிக்கிறாங்க, நீங்களும் அதே வரிசைல போங்க. பேப்பர் சமமா இருக்கும்போதே UV பிரிச்சு லோகோவ போட்டுட்டு அப்புறம் கசக்குங்க. பாக்ஸையும் டைலைன்லருந்தே தட்டையா வரஞ்சு ஒவ்வொரு மடலா மடக்குங்க. 90 டிகிரி வேணாம், 86, 87-ல நிறுத்துங்க, அட்டை கொஞ்சம் திரும்பி வரும்தானே. கோட்டுக்கு வெளிப்பக்கம் லேசா உருண்டை, உள்பக்கம் மெல்லிசா ஒரு மேடு. அடர்த்தியான கலர் ஒரு மடிப்பத் தாண்டிப் போனா அந்த வரில மை வெடிச்சு அட்டையோட நார் கலர் தெரியும். அத முழு நீளத்துக்கும் போடாதீங்க, மூலை கிட்ட மட்டும் போதும்.

பாலா: ஸ்டீம் வரல. Principled Volume, Density 1

திரும்பவும் அளவுதான். Density-ங்கிறது ஒரு மீட்டருக்கு எவ்வளவுங்கிற கணக்கு. நிஜ அளவு சீன்ல ஆவி 5 செமீ கனம்னா 0.05 x 1 = 0.05, கண்ணுக்கே தெரியாது. 6 வச்சா 0.3 ஆகும், கால்வாசி வெளிச்சம் சிதறும், அது சரியான ஆவி. என்ன மாதிரி பத்து மடங்கு சீன்னா 0.6 போதும். மேல போகப் போக Noise-ஆல கிழிச்சு விடணும். முக்கியமா லைட்டு பின்னாலருந்து வரணும், Anisotropy 0.6, 0.7, பின்னணி இருட்டு. வெள்ளைச் சுவத்துக்கு முன்னாடி நிஜ ஆவியே தெரியாது. பரோட்டா மொத்தமும் புகைய வேணாம், பேப்பர் ரெண்டு மடல் பிரியிற இடுக்குல ஒரு இழை போதும்.

அனு: எனக்கும் ஆவி வரல

மேல பாலாவுக்கு சொன்னதப் பாருங்க.

விக்கி: Density 0.6 வச்சேன் தெரியல

உங்க பாக்ஸ் எத்தன மீட்டர்னு N அடிச்சுப் பாருங்க முதல்ல.

மதுரை ஃபுட்ஸ்: ஆயிரம் பாக்ஸ் லோகோவோட என்ன ரேட் வரும்?

நான் படம்தான் பண்றேன் அண்ணாச்சி, பாக்ஸ் பிரஸ்ல கேளுங்க.

பிரஸ்காரன்: உங்க படத்துல ஒரு தப்பு. சாப்பாடு படுற பக்கத்துல பிரிண்ட் இருக்கக்கூடாது, FSSAI 2018 பேக்கேஜிங் ரூல்லயே இருக்கு. அதனால பேப்பர் உள்பக்கம் சுத்தமா வெறுமையாதான் காட்டணும்.

ரூல் சரி, முடிவு பாதிதான் சரி. பேப்பர் மெல்லிசு, அடில அச்சடிச்ச லோகோ உள்பக்கம் மங்கலா, தலகீழ் கண்ணாடி எழுத்தா தெரியத்தான் செய்யும். நான் Geometry நோட்ல Backfacing எடுத்து, பின்பக்கத்துக்கு லோகோவ 15 சதவீதம் மட்டும் விட்டிருக்கேன், UV ஒன்னேங்கிறதால எழுத்து தானா திரும்பிடும். மடல் ரெண்டும் உணவு மேல மூடி இருந்தா பிரிண்ட் பக்கம் மேல வரும், நேரா படிக்கலாம். மடல திறந்துட்டு பரோட்டாவுக்கு அடில பளிச்சுனு லோகோ வேணும்னு கேக்குற கிளையண்ட் கிட்டதான் தலவலி.

மதுரை ஃபுட்ஸ்: நாங்க எழுத்துப் பக்கம் மேல வச்சுதான் கட்டுறோம், இதுவரைக்கும் யாரும் ஒன்னும் சொல்லல.

பிரஸ்காரன்: சொல்லலங்கிறதால சரின்னு ஆயிடாது. மை எந்த ரகம்னு தெரியுமா உங்களுக்கு?

மதுரை ஃபுட்ஸ்: பிரஸ்ல குடுத்தத வாங்குறோம், அத நீங்கதான் சொல்லணும்.

சண்டைய நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க. கடைல நடக்குறத அப்படியே படத்துல போட்டா பிரஸ்காரர் குறை சொல்வார், ரூல்படி போட்டா கிளையண்ட் "லோகோ எங்க"ன்னு கேப்பார். நான் மடல மூடி வச்சே ஆங்கிள் எடுக்குறேன்.

ராஜி: பேப்பர்ல எண்ணெய் பட்ட இடம் எப்படி காட்டுறது?

நல்ல கேள்வி. சாதா பேப்பர்ல நார் இடுக்குல இருக்குற காத்த எண்ணெய் நிரப்பிடும், அதனால வெளிச்சம் சிதறாம உள்ள போகும், கறை கண்ணாடி மாதிரி ஆகும். கிரீஸ்புரூஃப்ல அந்த இடுக்கு ரொம்ப கம்மி, எண்ணெய் மேலயே பளபளன்னு நிக்கும். அதனால Roughness-ஐ மட்டும் அங்கங்க இறக்குங்க. Translucent-ஐ கூட்டுறது மடிப்போட கூர் முனைல மட்டும், அங்கதான் பேப்பர் உடஞ்சு எண்ணெய் இறங்கும். படம் முழுக்க கறை போட்டுட்டு கிரீஸ்புரூஃப்னு சொன்னா பிரஸ்காரர் விடமாட்டார்.

குமரன்: அண்ணா என் ஸ்டீம்...

பாக்ஸ் எத்தன மீட்டர்?