‘ஆர்டர்’ என்று எழுதியதெல்லாம் ஆர்டர் இல்லை

கேள்வி: சின்னாளபட்டியில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது வாட்ஸ்அப் மெசேஜ் வருகிறது. ஆர்டர், விசாரிப்பு, புகார் என்று தங்கை லேபிள் போட்டுப் பிரிக்கிறாள். அப்படியும் புகார்கள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: தங்கை சொல்லை வைத்துப் பிரிக்கிறார் போலிருக்கிறது. ‘ஆர்டர் போட்டு பத்து நாளாச்சு, இன்னும் வரல’ என்பதில் ஆர்டர் என்ற சொல் இருக்கிறது. ஆனால் அது புகார். ‘மெரூன் கேட்டேன், பச்சை வந்திருக்கு, மெரூன் இல்லையா?’ என்பது விசாரிப்பு மாதிரி தெரியும். அதுவும் புகார்தான்.

சொல்லை விட்டுவிட்டு, முதலில் ஒன்றைப் பாருங்கள்: இவர் ஏற்கெனவே பணம் கட்டியவரா? கட்டியவர் என்றால், சொன்னபடி நடக்காததைப் பற்றிப் பேசுகிறாரா? ஆம் என்றால் புகார். அது இல்லாதபோதுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். எந்தச் சேலை, எத்தனை, எந்த முகவரி என்று வந்துவிட்டால் ஆர்டர், மிச்சமெல்லாம் விசாரிப்பு. ‘பார்சல் எங்க இருக்கு?’ என்பது மட்டும் இரண்டுங்கெட்டான். நீங்கள் சொன்ன தேதி தாண்டவில்லை என்றால் விசாரிப்பு, தாண்டிவிட்டால் புகார். அதற்குப் பழைய சாட்டை மேலே தள்ளிப் பார்த்தே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. வெறும் படம் வந்தாலும் அப்படித்தான்: நீங்கள் அனுப்பிய படமே திரும்பி வந்தால் விசாரிப்பு, பிரித்த பார்சலின் படம் என்றால் பெரும்பாலும் புகார்.

புகார் தவறுவதற்கு இன்னொரு காரணம் லேபிளேதான். New order, Pending payment, Paid என்று ஆப்பில் முன்கூட்டியே இருப்பவை விற்பனையை ஒட்டியவை. புகாருக்கு நீங்களே ஒன்று உருவாக்க வேண்டும். தவிர, போட்ட லேபிள் நீங்கள் எடுக்கும்வரை சாட்டிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். Order complete என்று போட்டு முடித்த சாட்டில் மறுவாரம் சாயம் போன கதை வந்தால், ‘முடிஞ்ச கணக்கு’ என்று கண் தாண்டிப்போய்விடும். முடிந்த சாட்டில் புதிதாக எது வந்தாலும் பழைய லேபிளை எடுத்துவிட்டு மறுபடி பிரிக்கச் சொல்லுங்கள்.

‘போன வாரம் வாங்கினது சாயம் விடுது. அக்காவுக்கு ரெண்டு வேணும், நீலம் இருக்கா?’ என்று ஒரே மெசேஜில் இரண்டும் வந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், இரண்டு லேபிளும் போடலாம். பதில் மட்டும் சாயத்தில் தொடங்கட்டும். (முதல் தடவை தனியாக, உப்புத் தண்ணீரில் அலசச் சொல்லி எல்லாருக்கும் அனுப்புகிறீர்களா? அதை Quick reply-யில் போட்டு வைத்தால் இந்த வகைப் புகார் குறையும்.)

புகார் லேபிளைக் காலையில் ஒரு தடவை, கடை மூடும்முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். இணைய வணிகத்துக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், புகார் கிடைத்தது என்று 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் சொல்கின்றன. ‘பார்த்தேன், நாளைக்குச் சொல்றேன்’ என்ற ஒரு வரியை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.