பார்கோடின் கடைசி எண் 3 ஆ, 8 ஆ?

"போர்ட் லூயிஸ் கடையில எடுத்த போட்டோ. 609104021753 வரை தெளிவா இருக்கு, கடைசி எண் 3 ஆ 8 ஆன்னு தெரியல."

8 தாங்க. இடப்பக்கத்திலிருந்து 2, 4, 6 என இரட்டை இடங்களில் உள்ளதைக் கூட்டுங்க: 0+1+4+2+7+3 = 17. அதை 3 ஆல் பெருக்கினா 51. மிச்ச எண்கள் 6+9+0+0+1+5 = 21. மொத்தம் 72. அடுத்த பத்தின் மடங்கான 80-க்கு 8 குறையுது, அதுதான் கடைசி எண்.

கணக்குல 3, 8 ரெண்டும் வராம 5 வந்திருந்தா, முன்னாடி ஏதோ ஒரு எண்ணையே தப்பாப் படிச்சிருக்கீங்கன்னு அர்த்தம். ஒரு எண் மட்டும் மாறினா இது கட்டாயம் காட்டிக்கொடுக்கும். ஆனா பக்கத்துப் பக்கத்துல இருக்கிற 27 ஐ 72 ன்னு மாத்திப் போட்டா காட்டாது. வித்தியாசம் 5 ஆ இருக்கிற எந்த ஜோடிக்கும் அப்படித்தான். சரக்குப் பட்டியல்ல எனக்கே அப்படி ஒண்ணு தப்பியிருக்கு. அதனால அந்த மாதிரி ஜோடி இருந்தா போட்டோவைப் பெரிசாக்கி இன்னொரு தடவை பாருங்க.