நாலு பேர் அட்மினாக இருக்கும் பேஸ்புக் பக்கத்தை ஒருவர் மட்டும் அழிக்க முடியுமா? கேள்வி பதில்

கடைகளுக்கும் சங்கங்களுக்கும் பேஸ்புக் பக்கம் பார்த்துக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஆரம்பிக்கும்போது யாரும் என்னைத் தேடி வருவதில்லை, மூடும்போதுதான் வருகிறார்கள், அதுவும் பெரும்பாலும் சண்டைக்குப் பிறகு. கேட்டவர்களுக்கெல்லாம் கீழே பதில் போட்டிருக்கிறேன்.

கடையை மூடிவிட்டோம். என்னையும் சேர்த்து நாலு அட்மின். நான் மட்டும் அழித்தால் பக்கம் போய்விடுமா அக்கா, மற்ற மூவரும் ஓகே கொடுக்க வேண்டுமா?

உங்கள் பெயருக்கு நேராக Full control இருந்தால் நீங்கள் ஒருவரே அழிக்கக் கொடுக்கலாம். ஆனால் அன்றைக்கே அது அழிந்துவிடாது. பக்கம் வெளியாட்கள் கண்ணில் இருந்து மறையும், அதற்குப் பிறகு 30 நாள் காத்திருப்பு. அந்த 30 நாளுக்குள் Full control உள்ள வேறு யார் வேண்டுமானாலும் ரத்து செய்து பக்கத்தை மேலே கொண்டுவந்துவிடலாம். ஆக, அழுத்துவதற்கு நீங்கள் ஒருவர் போதும், 30 நாள் தாண்டுவதற்கு மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். பாதி பேர் சிக்குவது இங்கேதான்.

முதலில் யார் யாரிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் இருந்து பக்கத்துக்கு மாறிக்கொண்டு, Settings, அதில் Page setup, அதில் Page access. அங்கே People with Facebook access என்று ஒரு பட்டியல் வரும். "அட்மின்" என்று நாம் பொதுவாகச் சொல்கிறவர்களில் பலருக்கு அங்கே பதிவு போடவும் செய்திக்குப் பதில் சொல்லவும் மட்டும்தான் அனுமதி இருக்கும், அவர்களால் அழிக்கவும் முடியாது, ரத்து செய்யவும் முடியாது. நாலு பேர் என்று நினைத்தது பார்த்தால் இரண்டு பேராக இருக்கலாம்.

அழிக்கும் இடம் Settings-க்குள் Deactivation and deletion. அது எந்தத் தலைப்பின் கீழே இருக்கிறது என்பதை பேஸ்புக் அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கும், அதனால் தேடித் தேடிக் களைக்காமல் Settings-இன் தேடல் பெட்டியிலேயே அந்தச் சொல்லைத் தட்டுங்கள். உள்ளே Deactivate Page, Delete Page என்று இரண்டு இருக்கும். மனசு முழுதாக முடிவாகவில்லை என்றால் முதலாவது. பக்கம் ஒளிந்துகொள்ளும், வேண்டும்போது திரும்பவும் எடுக்கலாம்.

பக்கத்தை ஆரம்பித்தவர்தான் ஓனர், அவரைத் தவிர யாரும் அழிக்க முடியாது என்று எங்கோ படித்தேன். நீங்கள் சொல்வது தவறு என்று நினைக்கிறேன்.

நீங்கள் படித்தது குரூப்பைப் பற்றியதாக இருக்கும் சார். பேஸ்புக் குரூப்பில் தொடங்கியவர் உள்ளே இருக்கும்வரை மற்ற அட்மின்களால் குரூப்பை அழிக்க முடியாது. பக்கத்தில் அந்த மரியாதை கிடையாது. ஒன்பது வருடம் முன்னால் உட்கார்ந்து பெயர் வைத்துத் தொடங்கியவரும், போன வாரம் Full control வாங்கியவரும் பேஸ்புக் கண்ணில் ஒன்றுதான், பின்னால் வந்தவர் முன்னால் இருந்தவரைத் தூக்கிவிடவும் முடியும்.

"ஓனர்" என்ற சொல்லுக்கு அர்த்தம் வரும் இடம் ஒன்று உண்டு. பக்கத்தை யாராவது ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோவுக்குள் சேர்த்திருந்தால், முன்பு பிசினஸ் மேனேஜர் என்பார்களே அது, அப்போது பக்கம் அந்த போர்ட்ஃபோலியோவின் கணக்கில் இருக்கும். விளம்பரம் போட்டுத் தருகிறேன் என்று வந்தவர் தன் போர்ட்ஃபோலியோவில் சேர்த்துவிட்டுப் போயிருப்பார், கடைக்காரருக்கு அது தெரியவே தெரியாது.

அழித்த பக்கம் 12 நாளில் தானாகவே திரும்பி வந்துவிட்டது. ஹேக் செய்துவிட்டார்களா?

தானாக வராது தம்பி. உங்கள் ஆட்களில் ஒருவர் ரத்து செய்திருப்பார், அநேகமாகக் கெட்ட எண்ணத்தில் இல்லை, "பக்கம் ஏதோ ஆகிவிட்டது" என்று பதறி அழுத்தியிருப்பார்.

எனக்குத் தெரிந்த ஒரு இனிப்புக் கடையில் இதே கதை மூன்று முறை நடந்தது. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தினார்கள், பாகம் பிரிந்தது. பழைய பக்கம் இருவருக்கும் வேண்டாம், ஆளுக்கொரு புதுப் பெயர் என்று வாய்ப்பேச்சில் முடிவு. தம்பி போய் அழிக்கக் கொடுத்தார். அண்ணன் மகன் கல்லூரியில் இருந்தபடியே பக்கத்தைக் காணோமே என்று ரத்து செய்துவிட்டான், அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தம்பி திரும்ப அழித்தார், அவன் திரும்ப எடுத்தான். ஒவ்வொரு முறையும் 30 நாள் எண்ணிக்கை முதலில் இருந்து. மூன்றாவது முறை வீட்டில் பெரிய சத்தமே நடந்து, அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்கள்.

இரண்டு பேரையும் கடையிலேயே உட்காரவைத்து Page access-ஐத் திறந்தால் Full control நாலு பேருக்கு. அண்ணன், தம்பி, மகன், நாலாவதாக ஒரு டிசைன் கடைப் பையன், தீபாவளிக்கு போஸ்டர் போடச் சேர்த்தவன். அவனுடைய போர்ட்ஃபோலியோவில்தான் பக்கமும் இருந்தது, அதில் ஒரு விளம்பரம் இன்னும் தம்பியின் கார்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்குப் போன் போட்டு, முதலில் விளம்பரத்தை நிறுத்தி, பிறகு அவனுடைய Business settings-இல் இருந்து பக்கத்தை விடுவிக்கச் சொன்னோம். மறுப்பு சொல்லவில்லை, ஆனால் இரண்டு நாள் இழுத்தான். அப்புறம் மகனுக்கும் அந்தப் பையனுக்கும் இருந்த முழு அனுமதியை எடுத்தோம், முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான். மீதி இரண்டு பேர்.

அழிப்பதற்கு முன் பக்கத்தின் பிரதியை இறக்கினோம். Settings-இல் Download என்று தேடினால் கிடைக்கும். கேட்டவுடன் வராது, பழைய பக்கமென்றால் மணிக்கணக்கில் ஆகும், தயாரானதும் சில நாளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். கடை திறந்த நாளில் அவர்கள் அப்பா அடுப்பு பற்றவைக்கும் படம் அதில் மட்டும்தான் இருந்தது, வேறு யார் போனிலும் இல்லை. அதற்குப் பிறகு தம்பி Delete அழுத்தினார், அண்ணன் கைவைக்கவில்லை, 30 நாள் கழித்துப் போயிற்று.

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் 5 அட்மின். அதை எப்படி அழிப்பது?

இது வேறு சமாச்சாரம், இருந்தாலும் சொல்கிறேன். எல்லோரையும் ஒவ்வொருவராக நீக்கி, கடைசியில் நீங்கள் வெளியேற வேண்டும். இடையில் வேறொரு அட்மின் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். அதனால் மற்ற நாலு பேரின் அட்மின் பொறுப்பை முதலில் எடுத்துவிடுங்கள். குரூப்பைத் தொடங்கியவர் அவர்களில் ஒருவர் என்றால் அவரிடம் அது செல்லாது, அவராகத்தான் வெளியேற வேண்டும். பேஸ்புக் குரூப்பும் ஏறக்குறைய இதே மாதிரிதான், ஆளெல்லாம் போன பிறகுதான் அழியும்.

எனக்கு இந்தச் சண்டையே வேண்டாம். நான் என் பேஸ்புக் கணக்கையே அழித்துவிட்டால் பக்கமும் சேர்ந்து போய்விடுமா?

Full control உங்கள் ஒருவரிடம் மட்டும் இருந்தால் போகும். வேறு ஒருவரிடம் இருந்தால்கூடப் போகாது, நீங்கள்தான் போவீர்கள், பக்கம் அவர்கள் கையில் அப்படியே இருக்கும், அதற்குப் பிறகு உங்களுக்கு எந்தப் பிடியும் இல்லை. Page access-இல் உங்களை மட்டும் நீக்கிக்கொண்டாலும் இதேதான். விலகுவது வேறு, அழிப்பது வேறு. விலக நினைத்தால் உங்கள் கார்டு விளம்பரக் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலகுங்கள், அதை மறந்துவிட்டு மாதக்கணக்கில் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரே பெயரில் இரண்டு பக்கங்கள். ஒன்றில் 6000 பேர், இன்னொன்றில் 900. சின்னதை அழித்துவிடலாம்தானே?

கொஞ்சம் பொறுங்கள். இரண்டிலும் உங்களுக்கு Full control இருந்து, பெயரும் விஷயமும் ஒன்றாகவே இருந்தால் இணைக்கக் கேட்கலாம், பேஸ்புக் ஒப்புக்கொண்டால் சின்னதைப் பின்தொடர்பவர்கள் பெரியதில் சேர்ந்துவிடுவார்கள். ஆனால் சின்ன பக்கத்தின் பதிவுகள், படங்கள், விமர்சனங்கள் எதுவும் கூட வராது, அழிந்துவிடும், 30 நாள் சலுகையெல்லாம் இதற்குக் கிடையாது. அதனால் பிரதியை இறக்காமல் கைவைக்காதீர்கள். சின்னதில் இருக்கும் மற்ற அட்மின்களிடமும் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இனிப்புக் கடைக் கதைதான்.

எங்கள் ஊர்க் கோவில் திருவிழாப் பக்கத்துக்கு இரண்டு அட்மின். Full control வைத்திருந்த பெரியவர் தவறிவிட்டார். எனக்குப் பதிவு போடும் அனுமதி மட்டும் இருக்கிறது. பக்கத்தை மூட வேண்டும்.

வருத்தமான விஷயம். உங்கள் அனுமதியை வைத்து நீங்களாக மூட வழியில்லை. குடும்பத்தார் அவர் இறந்ததை ஆவணத்தோடு பேஸ்புக்குக்குத் தெரிவித்தால் அவர் கணக்கு நினைவுக் கணக்காக மாறும், பக்கத்துக்கு அவர் ஒருவரே முழு அட்மின் என்றால் அந்தப் பக்கமும் எடுக்கப்படும். எத்தனை நாளில் நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஒன்று கவனம், குடும்பத்தாருக்கு அந்தப் பக்கமே வேண்டியிருக்கலாம், அவர் எடுத்த படங்கள் அதில் இருக்கும். முதலில் அவர்கள் வீட்டில் பேசுங்கள்.

அக்கா, மற்றவர்களை நீக்கிவிட்டு அழிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கள் பங்குதாரர் என்னை இப்படித்தான் இரவோடு இரவாகத் தூக்கினார். காலையில் பார்த்தால் பக்கம் என் பட்டியலிலேயே இல்லை.

சொல்லிவிட்டு நீக்குங்கள் என்றுதான் நான் சொன்னேன், சொல்லாமல் நீக்குவதைச் சொல்லவில்லை. ஆனாலும் உங்கள் கோபம் புரிகிறது. நீங்கள் வெளியே வந்த பிறகு பேஸ்புக்கிடம் முறையிட்டால், உள்ளே இருப்பவர் அனுமதியோடுதான் இருக்கிறார் என்பதே அவர்களுக்குப் போதும், யார் எவ்வளவு முதல் போட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. கடைப் பெயர் பதிவான வணிகச் சின்னமாக உங்கள் பெயரில் இருந்தால் அந்த வழியில் புகார் கொடுக்கலாம். கூட்டு ஒப்பந்தப் பத்திரத்தில் பக்கத்தைப் பற்றி ஒரு வரியாவது இருந்தால் வக்கீலிடம் காட்டுங்கள், இல்லையென்றால் என்னிடம் பதில் இல்லை.

அவர் சொல்வதற்கு ஒரு சேர்க்கை. நான் இப்படி வெளியே தள்ளப்பட்டபோது, பக்கத்தோடு இணைத்திருந்த இன்ஸ்டாகிராம் கணக்கு என்னிடமே இருந்தது.

ஆமாம், நல்ல வேளை ஞாபகப்படுத்தினீர்கள். பேஸ்புக் பக்கத்தை அழித்தாலும் இணைத்திருந்த இன்ஸ்டாகிராம் கணக்கு அழியாது, அதன் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் இருக்கும். அந்த இனிப்புக் கடை இன்ஸ்டாகிராமை இன்று வரை அண்ணன் மகன்தான் வைத்திருக்கிறான். அதைப் பற்றி அந்த வீட்டில் இன்னும் யாரும் பேச்சை எடுக்கவில்லை.