ஒரே எழுத்து, இரண்டு ஒலிப்பு

“ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கில அகராதியில் முதலில் கண்ணில் படும் பொருளையே எழுதிவிடுகிறார்கள். என்ன செய்வது?”

அகராதியைத் திறக்கும் முன்பே, வாக்கியத்தில் அச்சொல் பெயரா வினையா என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘ரெக்கார்ட்’ இதற்கு நல்ல சொல். “அவள் பாடலைப் பதிவுசெய்தாள்” என்னும் பொருளில் அது வினை எனக் கண்டுகொண்ட பிள்ளை, பெயர்ச்சொல்லுக்குரிய பொருள்களைத் தாண்டி நேரே வினைப் பகுதிக்குச் செல்லும்.

ஒலிப்பையும் அங்கேயே காட்டலாம். பெயராயின் ‘ரெ’ அழுத்தம் பெறும். வினையாயின் ‘ரிகார்ட்’ என்றாகி இரண்டாம் அசை அழுத்தம் பெறும். பள்ளிகளில் புழங்கும் பிரித்தானிய அகராதிகளில், அழுத்தத்தைக் காட்டும் சிறு மேற்கோடு அந்த அசைக்கு முன்னால் நிற்கும். என் வகுப்பில் பலர் அது முந்தைய அசைக்குரியது என்றே எண்ணினார்கள். கோட்டுக்குப் பின்வரும் அசையில் கைதட்டச் சொன்ன பிறகே அக்குழப்பம் தீர்ந்தது.